வீடு தேடி வந்து பத்திரிகை வைத்த சீனியரிடம் "வர முடியாது" என்று எப்படிச் சொல்வது?

பாலாற்றங்கரை, 2025 ஆகஸ்ட் 18, இரவு 9.40

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். என் சீனியர் ஆற்காட்டுக்காரர், ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். வவுச்சரில் கை வைக்கவே பயந்த எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அவர்தான். நான் அவரை சார் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார்.

அவருடைய மகள் வயிற்றுப் பேரனுக்கு 31ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை படவேடு ரேணுகாம்பாள் கோயிலில் முடி இறக்கிக் காது குத்துகிறார்கள். பிறகு பக்கத்து மண்டபத்தில் சாப்பாடு. அலுவலகத்தில் எல்லோருக்கும் மேசையில் பத்திரிகை கொடுத்தார். எனக்கு மட்டும் நேற்று மனைவியோடு வீட்டுக்கே வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தார். நான் போகப் போவதில்லை. முடிவு செய்துவிட்டேன், காரணம் கேட்காதீர்கள். மனம் கோணாமல் எப்படிச் சொல்வது, அது மட்டும் வேண்டும்.

வாலாஜாகாரன், ஆகஸ்ட் 18, இரவு 10.05

இதற்கு ஒரு கேள்வியா? சனிக்கிழமை ராத்திரி காய்ச்சல் என்று தகவல் அனுப்பிவிட்டு செல்பேசியை அணைத்துவிடுங்கள். ஒரே காரணம் சொல்லுங்கள், இரண்டு சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். காய்ச்சல் பிடிக்கவில்லை என்றால் பங்காளி வீட்டில் தீட்டு. தீட்டு என்று சொன்ன பிறகு யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

தோட்டப்பாளையம் டீச்சர், ஆகஸ்ட் 18, இரவு 10.50

ஒரே காரணம் என்பது சரி. மற்றது அத்தனையும் தவறு.

சனிக்கிழமை ராத்திரி காய்ச்சல் என்றால், திங்கள்கிழமை மாலை ஆரஞ்சுப் பழத்தோடு உங்கள் வீட்டு வாசலில் நிற்பார். வீடு தேடி வந்து பத்திரிகை வைத்தவர், காய்ச்சல் கண்டவனைப் பார்க்க வரமாட்டாரா? தீட்டு என்று சொல்ல உயிரோடு இருக்கும் ஒருவரைச் சாகடிக்க வேண்டும். எங்கள் பள்ளியில் ஒருவர் அப்படிச் சித்தப்பாவைச் சாகடித்தார். மூன்று மாதம் கழித்து அந்தச் சித்தப்பாவே, மகளுக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்து அலுவலக அறையில் உட்கார்ந்திருந்தார்.

நாற்பது வருடமாகப் பத்திரிகை வாங்கியும் வைத்தும் எனக்குத் தெரிந்தது ஒன்று உண்டு. அழைத்தவரால் தீர்த்துவைக்க முடிகிற காரணம், காரணமே ஆகாது. வண்டி இல்லை என்றால் "வேன் போகிறது, ஏறிக்கொள்" என்பார். அம்மாவுக்கு முட்டி வலி என்றால் "அவர்களையும் ஏற்றிவா, நாற்காலி போடுகிறேன்" என்பார். வேலை இருக்கிறது என்று சொல்லவே முடியாது. உங்கள் வேலை எவ்வளவு என்று உங்களைவிட அவருக்குத் தெரியும். சக ஊழியரிடம் சொல்கிற சாக்கு சீனியரிடம் செல்லாததற்கு இதுதான் காரணம். அவரால் நகர்த்த முடியாத ஒன்று உங்களிடம் இருக்கிறதா, அதை முதலில் சொல்லுங்கள்.

ஆரணி விஜயா, ஆகஸ்ட் 19, காலை 7.15

படவேடு போவது ஒன்றும் கஷ்டம் இல்லை. வேலூரிலிருந்து கண்ணமங்கலம், சந்தவாசல் வழியாகப் போய்விடலாம். ஆடி வெள்ளியில்தான் கூட்டம் நெரியும், ஆவணியில் நிம்மதியாகத் தரிசனம் செய்யலாம். குழந்தையோடு போவதாக இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள்.

பாலாற்றங்கரை, ஆகஸ்ட் 19, காலை 8.30

விஜயா அம்மா, நான் போகாமல் இருக்கத்தான் வழி கேட்டேன். இருந்தாலும் நன்றி, இன்னொரு நாள் பயன்படும்.

டீச்சர் கேட்டதற்கு: கொழுந்தியாள் வீட்டு கிரகப்பிரவேசம் ஓசூரில் 29ஆம் தேதி வெள்ளிக்கிழமை. குடும்பத்தோடு போகிறோம். சனிக்கிழமை மாலை திரும்புவதாகத் திட்டம். ஞாயிறு இரவுதான் திரும்புகிறோம் என்று சொன்னால் என்ன?

பாலாற்றங்கரை, ஆகஸ்ட் 19, பகல் 1.10

சாப்பாட்டு வேளையில் யோசித்துப் பார்த்தேன். காரணம் கேட்காதீர்கள் என்று எழுதியது முட்டாள்தனம். காரணத்தை வைத்துத்தானே பதிலே சொல்ல முடியும்?

காரணம் பணம். ஆடி முழுக்க ஒன்றும் இல்லை, ஆவணி பிறந்ததும் ஐந்து பத்திரிகை. எங்களுக்குச் சம்பளம் 7ஆம் தேதி. இந்த மாதத்தில் ஏற்கெனவே இரண்டு இடத்தில் 501 எழுதியாயிற்று. ஓசூரில் மனைவிக்குக் கூடப்பிறந்தவள் வீடு, அங்கே சும்மா போக முடியாது. புடவை, வேட்டி, பால் காய்ச்ச ஒரு பாத்திரம் என்று மனைவி கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். அதற்கு மேல் படவேட்டுக்கு நான்கு பேர் போய்வந்து, மொய்யும் எழுதினால் 7ஆம் தேதிவரை கையில் ஒன்றும் நிற்காது. கணக்குப் பிரிவில் வேலை செய்பவனுக்குத் தன் கணக்கு இடிக்கிறது என்று சீனியரிடம் சொல்ல வாய் வரவில்லை.

தோட்டப்பாளையம் டீச்சர், ஆகஸ்ட் 19, மாலை 6.20

அதைச் சொல்லாததே நல்லது. கௌரவத்துக்காகச் சொல்லவில்லை. அதுவும் அவர் தீர்த்துவைக்கக்கூடிய காரணம்தான். "மொய்யை யார் கேட்டார்கள் தம்பி, நீ வந்து சாப்பிட்டுப் போ" என்பார். அதன் பிறகு வெறுங்கையோடு போய் நிற்கவும் முடியாது, போகாமல் இருக்கவும் முடியாது.

ஓசூர் நல்ல காரணம். உறவுக்காரர் விசேஷம், அதுவும் மனைவி பக்கம். நம் பக்கத்தில் அதை யாரும் குறைசொல்ல மாட்டார்கள். ஆனால் ஞாயிறு இரவு திரும்புவதாகச் சொன்னால் ஞாயிறு இரவுதான் திரும்ப வேண்டும். சனிக்கிழமை மாலையே வந்துவிட்டு, ஞாயிறு காலை முத்துக்கடையில் கறி வாங்கிக்கொண்டு நிற்கும்போது அலுவலக வேன் அந்த வழியாகத்தான் போகும். பொய்யாகச் சொன்னாலும் அதை நிஜமாக்கிவிடுங்கள்.

வாலாஜாகாரன், ஆகஸ்ட் 19, மாலை 6.45

ஒரு நாள் கூடுதலாகக் கொழுந்தியாள் வீட்டில் உட்கார வைக்கிறீர்களே டீச்சர், அதற்குக் காது குத்துக்கே போய்விடலாம்.

லுங்கிக்கடை, ஆகஸ்ட் 19, இரவு 11.30

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். நான் அழைத்த பக்கத்துக்காரன், அதனால் அந்தப் பக்கத்தையும் கேளுங்கள். போன வருடம் மகள் கல்யாணம். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர்கள்தான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறார்கள். வரமாட்டேன் என்று முன்னாலேயே சொன்னவர் நான்கு பேர். அவர்கள் பெயர்கூட மறந்துபோய்விட்டது. சமையல்காரரிடம் இலை எண்ணிக்கை சொல்லி முன்பணம் கொடுத்த பிறகு காலியாகக் கிடக்கிற பந்தியைப் பார்ப்பது இருக்கிறதே, அது வேறு மாதிரி எரிச்சல். குடும்பத்தோடு என்று பத்திரிகை வைத்தால் நாங்கள் நான்கு இலை கணக்குப் போடுவோம்.

இன்னொன்று. இது காது குத்து. குழந்தை உங்கள் சீனியருக்கு மகள் வயிற்றுப் பேரன். அப்படியானால் விழா அவருடையது இல்லை, சம்பந்தி வீட்டாருடையது. குலதெய்வமும் மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வமாகத்தான் இருக்கும். உங்கள் சீனியர் தாய்மாமன் வீட்டார். அவர் மகன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அவர் உங்களை அழைத்தது சாப்பிட அல்ல, சீர்வரிசைக்கு. மேளத்தோடு தட்டு தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டும். சம்பந்தி வீட்டார் வாசலில் நின்றுகொண்டு எத்தனை தட்டு, எத்தனை பேர் என்று எண்ணுவார்கள். நீங்கள் வராவிட்டால் பந்தியில் தெரியாது, வரிசையில் தெரியும்.

பாலாற்றங்கரை, ஆகஸ்ட் 20, காலை 6.50

இதைப் படித்த பிறகு ராத்திரி தூக்கம் போயிற்று. "காலை ஒன்பது மணிக்கே வந்துவிடு தம்பி" என்று அவர் இரண்டு தரம் சொன்னது இப்போதுதான் புரிகிறது. சாப்பாடு பன்னிரண்டு மணிக்கு, எதற்கு ஒன்பது மணி என்று நினைத்தேன்.

லுங்கிக்கடை, ஆகஸ்ட் 20, காலை 9.10

ஆமாம். எங்கள் சம்பந்தி எண்ணினார், 31 தட்டு. நான் 51 என்று வாய்விட்டிருந்தேன். கடைசியில் கடையிலிருந்த லுங்கிகளையே மடித்து இரண்டு தட்டில் வைத்து அனுப்பினேன். அதை இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

பாலாற்றங்கரை, ஆகஸ்ட் 20, இரவு 9.00

ஒரு விஷயத்தை மறைத்துவிட்டேன். பத்திரிகை வாங்கும்போது நான் என்ன சொன்னேன் என்று யாரும் கேட்கவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கையாலும் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தாம்பூலம் கையில் இருக்கும்போது இல்லை என்ற சொல் வரக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்திருக்கிறார்கள். ஆனால் அடுக்களையிலிருந்து அம்மா காபியோடு வந்து, "கட்டாயம் வருவோம், எங்கள் வீட்டு விசேஷம் மாதிரி" என்று சொல்லிவிட்டார். சாரின் மனைவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் ஒரு தட்டு எடுக்க வேண்டும்" என்றார். அதை அப்போது நான் காதில் வாங்கவில்லை.

தோட்டப்பாளையம் டீச்சர், ஆகஸ்ட் 20, இரவு 9.25

இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டாமா?

இப்போது இரண்டு வாக்கு இருக்கிறது. நீங்கள் வாய் திறக்காமல் கொடுத்தது ஒன்று, அம்மா வாய் திறந்து கொடுத்தது ஒன்று. நீங்கள் சாரிடம் சொன்னால் உங்களுடையது மட்டும்தான் தீரும். அம்மாவினுடையதை அம்மாவே, அந்த அம்மாளிடம், அதே நாளில் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்ன செய்தி சார் வாய் வழியாக அந்த அம்மாளுக்குப் போய்ச் சேர்ந்தால் "அன்றைக்குக் கையைப் பிடித்துச் சொன்னார்களே" என்றுதான் தோன்றும்.

எப்போது சொல்வது என்றால், இந்த வாரத்துக்குள். சமையல்காரரிடம் எண்ணிக்கை போவதற்கு முன்னால். எல்லோர் முன்னிலையிலும் வேண்டாம், தகவலாக எழுதி அனுப்பவும் வேண்டாம். தனியாக, நின்றுகொண்டு, சுருக்கமாக. மன்னிப்பை ஒரு தரத்துக்கு மேல் கேட்காதீர்கள். திரும்பத் திரும்பக் கேட்டால் அவர் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டியதாகிவிடும்.

கோட்டை அகழி, ஆகஸ்ட் 21, காலை 10.00

ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பதாகச் சொல்லிவிடுங்கள்.

வாலாஜாகாரன், ஆகஸ்ட் 21, காலை 10.04

ஆவணியிலா? கார்த்திகை வரைக்கும் அவர் தாடியோடு அலைய வேண்டுமா?

பாலாற்றங்கரை, ஆகஸ்ட் 22, இரவு 8.15

இன்று சொல்லிவிட்டேன்.

நான்கு மணிக்கு அவர் தேநீர் குடிக்க இறங்கும்போது கூடவே இறங்கினேன். வழக்கமாக நான் போகமாட்டேன், அதனாலேயே அவருக்கு ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. கிளாஸைக் கையில் வாங்கிய பிறகு சொன்னேன்: "சார், ஓசூரில் மனைவியின் தங்கை வீடு கட்டிக் குடிபோகிறார்கள். வெள்ளிக்கிழமை. நான் அங்கே இருக்க வேண்டும், ஞாயிறு இரவுதான் திரும்புகிறோம். குழந்தையின் விசேஷத்துக்கு என்னால் வர முடியவில்லை. உங்களிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்."

அவர் கிளாஸை ஊதிக்கொண்டே இருந்தார். பிறகு "வெள்ளிக்கிழமை தானே" என்றார். சனிக்கிழமை என்ன செய்கிறாய் என்று வாயால் கேட்கவில்லை, ஆனால் கேட்டுவிட்டார். கொழுந்தியாளுக்கு வீட்டில் ஆண் துணை கிடையாது, சாமான் இறக்கிவைத்துவிட்டுத்தான் கிளம்ப முடியும் என்றேன். அது உண்மைதான், அவள் கணவர் துபாயில் இருக்கிறார். கிரகப்பிரவேசத்துக்கு வந்துவிட்டு மறுநாளே விமானம் ஏறுகிறார்.

"அம்மா வருவதாகச் சொன்னார்களே" என்றார். அம்மாவும் எங்களோடு வருகிறார் என்றேன். சரி தம்பி என்றார். தேநீர்க் காசை அவர்தான் கொடுத்தார், என்னை எடுக்க விடவில்லை. அது கோபமா, வழக்கமா என்று தெரியவில்லை. வழக்கமாக நான் கூடப் போனதில்லையே, எப்படித் தெரியும்?

பாலாற்றங்கரை, ஆகஸ்ட் 22, இரவு 8.40

அம்மா சற்று முன்பு அந்த அம்மாளிடம் பேசினார். 25 நிமிடம். அதில் காது குத்துப் பேச்சு இரண்டு நிமிடம், மீதி முட்டி வலி. அம்மாவுக்கு எந்தச் சங்கடமும் இல்லை. நான்தான் பக்கத்து அறையில் வியர்த்துக்கொண்டிருந்தேன்.

லுங்கிக்கடை, ஆகஸ்ட் 23, காலை 9.30

நல்லது. இப்போது மொய். வேனில் போகிறவர் கையில் கவர் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று நினைப்பீர்கள். வேண்டாம். நான் ஒருமுறை அப்படி ஒருவரிடம் 1001 கொடுத்தனுப்பினேன். மொய் எழுதுகிற இடத்தில் கூட்டம், அவர் இரண்டு கவரையும் ஒன்றாக நீட்டியிருக்கிறார். நோட்டில் அவர் பெயரில் 1502 என்று ஏறிவிட்டது. இரண்டு வருடம் கழித்து என் வீட்டு விசேஷத்துக்கு அந்தக் குடும்பம் எழுதியது 101. பழைய நோட்டைப் புரட்டினால் நான் இல்லவே இல்லையே, பாவம் அவர்கள் என்ன செய்வார்கள்?

உங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மண்டபத்தில் வைக்கிற நோட்டு மாப்பிள்ளை வீட்டு நோட்டு. அதில் உங்கள் பெயர் ஏறினால் உங்கள் சீனியருக்குத் தெரியவே தெரியாது.

தோட்டப்பாளையம் டீச்சர், ஆகஸ்ட் 23, பகல் 12.00

அது இடத்துக்கு இடம் மாறும். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் வீட்டாருக்கு வந்த மொய்யைத் தனி நோட்டில் எழுதி, பிறகு கணக்குப் பார்ப்பார்கள். எப்படி இருந்தாலும், சீனியர் வீட்டுக்கே விழாவுக்கு முன்னால் ஒருநாள் போய் வந்துவிடுங்கள். 27 விநாயகர் சதுர்த்தி, விடுமுறை. பண்டிகைக்கு வந்ததாகவும் இருக்கும். பெரிதாக எதுவும் எடுத்துப்போகாதீர்கள். வராதவன் பெரிதாகக் கொடுத்தால் கடனை அடைக்கிற மாதிரி இருக்கும்.

லுங்கிக்கடை, ஆகஸ்ட் 23, பகல் 12.40

தனி நோட்டு நான் பார்த்ததில்லை டீச்சர். குடியாத்தத்தில் ஒரே நோட்டுதான்.

பாலாற்றங்கரை, ஆகஸ்ட் 27, மாலை 7.30

போய்வந்தோம். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் வீடு, இருபது நிமிடம். ஒரு சீப்பு வாழைப்பழம், அரைக் கிலோ மக்கன்பேடா. ஆற்காட்டுக்காரர் வீட்டுக்கே ஆற்காடு மக்கன்பேடாவா என்று மனைவி சிரித்தாள். வேறு எது வாங்கினாலும் இதைவிட விலை.

கவரில் 201 வைத்தேன். 501 வைக்க முடியவில்லை. அலுவலகத்தில் வழக்கம் 501 என்று அவருக்குத் தெரியும். மேலே என் பெயர், ஊர் எழுதி, "குழந்தைக்கு" என்று எழுதினேன். மொய் என்று எழுதவில்லை. குழந்தை அன்று தாத்தா வீட்டில்தான் இருந்தான். அவன் கையில் கொடுத்ததும் கவரை வாயில் வைத்துக் கடித்துவிட்டான், ஒரு மூலை நனைந்துபோயிற்று. சாரின் மனைவி அதை வாங்கிப் பிள்ளையார் முன்னால் வைத்தார். அதற்குப் பக்கத்தில் 31ஆம் தேதி எடுத்துப்போகிற பித்தளைத் தட்டுகள் அடுக்கி வைத்திருந்தன. அவை எத்தனை என்று எண்ணக் கூடாது என்றுதான் இருந்தேன், எண்ணிவிட்டேன். 21.

அம்மா தானாகவே போய் அந்தத் தட்டுகளைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். யாரும் சொல்லவில்லை. இரண்டு அம்மாக்களும் உட்கார்ந்து எல்லாத் தட்டையும் துடைத்து முடித்த பிறகுதான் கிளம்பினோம். சார் என்னிடம் ஓசூரில் மனை என்ன விலை போகிறது என்று கேட்டார். காது குத்து பற்றி ஒரு சொல் பேசவில்லை.

வாலாஜாகாரன், ஆகஸ்ட் 27, இரவு 8.00

201ஆ? அதற்கு 501 கடன் வாங்கி வைத்திருக்கலாம்.

பாலாற்றங்கரை, ஆகஸ்ட் 27, இரவு 8.20

யாரிடம்? எனக்குக் கடன் கொடுக்கிற ஒரே ஆள் அவர்தான்.

பாலாற்றங்கரை, ஆகஸ்ட் 31, பகல் 11.00

ஓசூரில் இருக்கிறேன், டீச்சர் சொன்னபடி. சாமான் எல்லாம் நேற்றே இறக்கி முடித்துவிட்டோம். சும்மா உட்கார்ந்து கொழுந்தியாள் வீட்டுக் குழாய் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்நேரம் தட்டு கிளம்பியிருக்கும்.

பாலாற்றங்கரை, செப்டம்பர் 2, இரவு 9.15

கேட்டவர்களுக்காக. நேற்று சார் விடுப்பு. இன்று காலை என் மேசையில் ஒரு மஞ்சள் பை இருந்தது. தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம். வேனில் போனவர்களுக்கு மண்டபத்திலேயே கொடுத்துவிட்டார்களாம், எனக்கு அவர் எடுத்துவந்திருக்கிறார். அலுவலகத்தில் வராத இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்கள் மேசையில் பை இல்லை. அந்த மூவரும் வருகிறோம் என்று சொன்னவர்கள்.

எப்படி நடந்தது சார் என்று கேட்டேன். "குழந்தை அழவே இல்லை தம்பி, என் மகன்தான் அழுதான்" என்றார். பிறகு ஆகஸ்ட் மாதப் பட்டியல் எங்கே என்று கேட்டார்.

லுங்கிக்கடை, செப்டம்பர் 2, இரவு 9.50

எத்தனை தட்டு போயிற்று என்று கேட்டீர்களா?

பாலாற்றங்கரை, செப்டம்பர் 2, இரவு 10.05

நான் கேட்கவில்லை. வேனில் போனவர் தானாகச் சொன்னார். தட்டு 21, தூக்க ஆள் 19. கடைசி இரண்டைச் சாரே இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு போனாராம்.